முட்டைக் கொத்தும் முக்கால் லீற்றர் நீரும்

விளக்கேற்றும் வேளையில் யாழ்ப்பாணத்து வீதிகளிற் செல்வோருக்கு ஓர் ஓசை நன்கு பழக்கமானது. சூடேறிய இரும்புக் கல்லின்மீது இரண்டு தகடுகள் மாறி மாறி விழும் தாளம் அது. பசியில்லாதவனுக்கும் பசியை மூட்டவல்ல அத்தாளத்தைக் கேட்டுக் கடைக்குள் நுழைவோர் எல்லோரும் ஒரே தரமான கொத்துரொட்டியைப் பெறுவதில்லை. ஒரு கடையில் முட்டைக் கொத்து உதிரியாக வரும். ரொட்டித் துண்டு வேறு, முட்டைத் துணுக்கை வேறு என்று கண்ணுக்குத் தெரியும். வாயிலிட்டால் இரண்டும் ஒன்றாய்ச் சுவைக்கும். வேறொரு கடையில் அதே ரொட்டியும் அதே முட்டையும் களிபோலத் திரண்டு, கோப்பையின் அடியில் ஈரம் கசிந்து வரும். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு கைராசி என்றே நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். நம்மிடம் முன்னர் படித்த மாணவன் ஒருவனே அவ்வெண்ணத்தை மாற்றினான்.

அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு தேடி வந்தான். பட்டினத்துக்குச் சற்று வெளியே வீதியோரத்தில் சிறு ரொட்டிக்கடை ஒன்று போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. மனைவியின் காப்புகளை ஈடு வைத்து, கல்லும் அடுப்பும் வாங்கியிருக்கிறான். முதல் வாரம் கூட்டம் வந்தது. பின்னர் மெல்லமெல்லக் குறைந்தது. கோப்பைகள் பாதியோடு திரும்பி வந்தன. வழக்கமாக வரும் லொறிச் சாரதி ஒருவர், காசை வைத்துவிட்டு எழும்பும்போது, "தம்பி, கஞ்சி நல்லாயிருக்கு" என்று சொல்லிப் போனாராம்.

"சேர், மாவை மாத்திப் பாத்தன், எண்ணெயை மாத்திப் பாத்தன். என்ன செய்தாலும் களியாய்த்தான் வருகுது. நீங்கள் விஞ்ஞானம் படிப்பிச்சனீங்கள், ஒருக்கால் வந்து பாருங்கோ" என்றான்.

நாம் விஞ்ஞானம் படிப்பிப்பது உண்மை. கொத்துப் போட்டதில்லை என்பதும் உண்மை. ஆயினும் காப்பு ஈட்டிலிருக்கும் செய்தியைக் கேட்டபின் மறுக்க மனம் வரவில்லை. அன்றிரவே சென்று அவன் கடையில் ஒரு மூலையில் அமர்ந்தோம்.

நால்வர் வந்து நான்கு முட்டைக் கொத்து என்றார்கள். அவன் சுறுசுறுப்பானவன். கல்லில் எண்ணெய் ஊற்றி, வெங்காயம், லீக்ஸ், கோவா மூன்றையும் அள்ளிப் போட்டு உப்பையும் தூவினான். அவை வதங்குமுன்னரே, அப்போதுதான் சுட்டு அடுக்கியிருந்த ரொட்டியைப் பிய்த்து அவற்றின்மேற் கொட்டினான். எட்டு முட்டைகளை ஒரு பாத்திரத்தில் அடித்து அதன்மேல் அப்படியே ஊற்றினான். உடனேயே நான்கு அகப்பைக் குழம்பையும் விட்டான். பின்னர்தான் தகடுகளை எடுத்துக் கொத்தத் தொடங்கினான். தாளம் பிரமாதமாக இருந்தது. ஆனால் கல்லிலிருந்து எழுந்த ஒலி மட்டும் வேறாக இருந்தது. சூடான எண்ணெயில் ஏதேனும் விழும்போது கேட்கும் 'சொய்' என்ற ஓசை நின்று, உலைநீர் கொதிப்பதுபோற் களகளவென்று கேட்டது. வெண்ணிற ஆவி தலைக்குமேல் எழுந்தது. அவன் ரொட்டியை வறுக்கவில்லை, அவித்துக்கொண்டிருந்தான்.

நாம் ஒரு கடுதாசியை எடுத்துக் கணக்குப் போட்டோம். ஓடு நீக்கிய முட்டை ஒன்று ஏறக்குறைய 50 கிராம். அதில் நான்கில் மூன்று பங்கு நீர். ஆகவே எட்டு முட்டையில் நீர் மட்டும் 300 கிராம். வெங்காயத்திலும் கோவாவிலும் பத்தில் ஒன்பது பங்கு வரையில் நீரே. அவன் போட்ட 400 கிராம் மரக்கறியில் 350 கிராம் நீர் என்று வைக்கலாம். குழம்பினால் வந்தது இன்னும் 200. எல்லாம் கூட்டினால் 850 கிராம். அதாவது, 800 கிராம் ரொட்டியின்மேல் முக்கால் லீற்றருக்கும் அதிகமான நீரை அவன் ஊற்றியிருக்கிறான். தண்ணீர்க் குடத்தை எடுத்து ஊற்றியிருந்தால் அவனே பதறியிருப்பான். முட்டையாகவும் மரக்கறியாகவும் வந்தபடியால் அது கண்ணுக்குத் தெரியவில்லை.

இந்நீர் முழுவதும் ஆவியாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகும், ஆனால் இலேசில் ஆகாது. நமது அறை வெப்பத்திலுள்ள நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, கொதித்த நீரை ஆவியாக்க அதைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு வேண்டும். எவ்வளவு கனமான கல்லானாலும் அவ்வளவு வெப்பத்தை ஒரே தடவையிற் கொடுக்க இயலாது. கல்லின் சூடு இறங்கிவிடும், நீர் தங்கிவிடும், தங்கிய நீரை ரொட்டி உறிஞ்சிவிடும். ரொட்டி ஒரு தடவை உறிஞ்சிய நீரைப் பின்னர் வெளியேற்றுவது பெரும்பாடு. அதற்குள் அடி கருகிவிடும்.

நோய் இன்னதென்று தெரிந்தது. மருந்து நம்மிடம் இருக்கவில்லை. எனவே மறுநாள் இரவு அவனை அழைத்துக்கொண்டு, முப்பது ஆண்டுகளாகக் கொத்துப் போட்டுவரும் முதியவர் ஒருவரின் கடைக்குச் சென்றோம். தொழில் இரகசியத்தைச் சொல்வாரோ என்று தயங்கினோம். "இதில என்ன மாஸ்டர் ரகசியம்? நில்லுங்கோ, பாருங்கோ" என்றார். அவர் செய்தவற்றுள் பெரும்பகுதி, எதை எதற்குமுன் செய்வது என்ற ஒழுங்குதான்.

முதலில் ரொட்டியைச் சொல்ல வேண்டும். அவர் எடுத்தது மதியம் சுட்டு ஆறிய வீச்சுரொட்டி. சுடச்சுட எடுத்த ரொட்டியைத் தொடவே இல்லை. இதற்கு விஞ்ஞானத்திலே நல்ல காரணம் உண்டு. மா வேகும்போது அதிலுள்ள மாப்பொருள் நீரை ஏற்று நெகிழ்கிறது. ஆறி நேரஞ்செல்ல அது மீண்டும் இறுகுகிறது. பழைய பாண் விறைப்பதும் இதனாலேயே. இறுகிய ரொட்டி கல்லில் மறுபடி சூடேறும்போது மென்மை பெறும். ஆனால் புதிதாய்ச் சுட்ட ரொட்டியைப்போல் உடனே குழைந்து மாவாகாது. சூடான ரொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடிவைத்தால் அவற்றின் ஆவியே அவற்றை நனைத்துவிடும் என்று, அவர் அவற்றைப் பரப்பி ஆறவிட்டிருந்தார்.

துண்டின் அளவையும் கவனித்தோம். சுண்டுவிரல் அகலம், இரண்டு அங்குல நீளம். மிகச் சிறிதாக்கினால் ஈரம் பற்றும் பரப்பு பெருகும். கல்லின்மேற் சிறிதளவு கொத்துவார் என்பதால், முதலிலே பெரிதாக இருப்பது நல்லது.

கல் நன்றாகக் காய்ந்திருந்தது. ஒரு துளி நீரைத் தெளித்தார்; அது தங்கிக் கொதிக்காமல் உருண்டு ஓடி மறைந்தது. வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் முதலில் விழுந்தன. வெங்காயத்தின் ஓரம் பொன்னிறமாகும்வரை வேறெதுவும் சேரவில்லை. பின்னர் லீக்ஸ், கோவா. இவையும் வதங்கி, கல்லில் ஈரம் தெரியாத நிலை வந்ததும் எல்லாவற்றையும் ஓர் ஓரமாக ஒதுக்கினார். உப்பு அதுவரை போடவில்லை. உப்பு மரக்கறியின் நீரை வெளியே இழுக்கும். ஒரே குவியலாகக் கிடக்கும்போது அந்நீர் ஆவியாக இடமில்லாமல் தேங்கும்.

அடுத்து வெறுங்கல்லில் ரொட்டித் துண்டுகளைப் பரப்பினார். எண்ணெயும் மிகச் சிறிதுதான். இரண்டு நிமிடம் புரட்டிப் புரட்டி, ஆங்காங்கே சிவந்த புள்ளி தோன்றும்வரை வாட்டினார். கொத்தும் வேலையை இந்த இடத்திலேயே, ரொட்டி உலர்ந்திருக்கும்போதே, செய்து முடித்துவிட்டார். நம் மாணவன் குழம்பு விட்டபின் அல்லவா கொத்தினான்! நனைந்த ரொட்டியைக் கொத்துவது உரலில் இடிப்பதற்குச் சமம். தகட்டின் வேலை நறுக்குவதேயன்றி நசுக்குவதன்று என்பதைப் பெரியவர் தகட்டைச் செங்குத்தாகப் பிடித்துக் காட்டினார். தாளத்துக்காக நெடுநேரம் கொத்துகிறவர்கள் வாடிக்கையாளரின் காதுக்கு விருந்தளித்து வாயை ஏமாற்றுகிறார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

இனி முட்டை. முழு விஷயமும் இதில்தான் நிற்கிறது.

ரொட்டியும் ஓரத்துக்குச் சென்றது. கல்லின் நடுவே, சூடு மிகுந்த இடம் வெறுமையாயிற்று. அங்கே ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, அடித்த முட்டையை ஊற்றினார். பாலோ நீரோ அதில் இல்லை. ரொட்டியின்மீது ஒரு துளியும் படவில்லை. ஓரம் இறுகத் தொடங்கியவுடன் தகட்டினால் வழித்து மடக்கி, மறுபடி பரப்பி, மறுபடி வழித்தார். அரை நிமிடத்துக்குள் முட்டை மிருதுவான கட்டிகளாயிற்று. பின்னர் தகட்டின் விளிம்பால் முட்டையின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கோடு விழுந்த இடத்தில் இரும்பு தெரிந்தது. இருபுறமிருந்தும் நீர்மம் ஓடிவந்து அதை மூடவில்லை. "இதுதான் பதம். கோடு மூடினால் பச்சை. மூடாட்டில் ரொட்டியை இழு" என்றார்.

அக்கோட்டின் பொருளை நாம் வீடு வந்தபின் சிந்தித்தோம். முட்டையின் வெள்ளைக்கரு ஏறக்குறைய 62 பாகை செல்சியஸிலும், மஞ்சட்கரு 65 முதல் 70 பாகையிலும் இறுகத் தொடங்கும். இறுகுதல் என்பது புரதம் வலைபோலப் பின்னிக்கொண்டு நீரைத் தன்னுள்ளே பிடித்துவைத்தல். இறுகுமுன் ரொட்டியுடன் கலந்தால், முட்டையின் நீரைப் பிடிக்கும் வலை இன்னும் பின்னப்படவில்லை. நீரும் புரதமும் ஒன்றாக ரொட்டிக்குள் ஊறிவிடும். பின்னர் அங்கேயே வெந்து ரொட்டியைப் பசைபோல் ஒட்டவைக்கும். நம் மாணவனின் களி இவ்வாறு உண்டானது. இறுகியபின் கலந்தால், 300 கிராம் நீரும் எங்கும் போய்விடவில்லை. முட்டைக் கட்டிகளுக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கிறது. உண்பவருக்கு அது மென்மையாகத் தெரியும், ரொட்டிக்குத் தெரியாது.

அப்படியானால் முட்டையை இன்னும் நன்றாக, வறள வேகவைத்தால் மேலும் நல்லதல்லவா? இல்லை. இதுவே எதிர்ப்பக்கத்துத் தவறு. சூடு மிகுந்தால் வலை சுருங்கி, பிழிந்த துணிபோலப் பிடித்த நீரைக் கக்கிவிடும். அதிகம் வெந்த முட்டைப் பொரியலைக் கோப்பையில் வைத்தால் சிறிது நேரத்தில் அடியில் தெளிந்த நீர் கசிவதை நம் வீட்டுப் பெண்மணிகள் கண்டிருப்பார்கள். அந்நீரும் ரொட்டிக்கே போகும், முட்டையோ இறப்பர்போலாகும். எனவே கோடு மூடாத நிலை வந்ததும், மேற்பரப்பில் இலேசான மினுக்கம் இருக்கும்போதே, ரொட்டியையும் மரக்கறியையும் நடுவுக்கு இழுத்துவிட வேண்டும். எஞ்சிய பதத்தைக் கல்லின் சூடே பார்த்துக்கொள்ளும். சில கடைகளில் முட்டையை அடிக்காமற் கல்லிலேயே உடைத்து விடுவதுண்டு. அதுவும் தவறன்று, வெள்ளையும் மஞ்சளும் தனித்தனித் துணுக்கைகளாகத் தெரியும். இறுகியபின் கலத்தல் என்ற விதி மட்டும் மாறாது.

எல்லாம் ஒன்றானபின் உப்பும் மிளகுதூளும் தூவி, கடைசியாகக் குழம்பை எடுத்தார். ஒருவருக்கு இரண்டு மேசைக்கரண்டிக்குமேல் இல்லை. அதையும் ரொட்டியின்மீது ஊற்றாமல், குவியலைச் சுற்றியுள்ள வெறுங்கல்லில் வளையமாக விட்டார். அது சீறிக்கொண்டு பாதி ஆவியாயிற்று. எஞ்சிய தடித்த குழம்பின்மீது ரொட்டியைப் புரட்டி எடுத்தார். நிறமும் மணமும் ஏறின, நீர் ஏறவில்லை. கல்லின் ஓசை தொடக்கத்திலிருந்து முடிவுவரை 'சொய்' என்றே இருந்தது. ஒரு தடவைக்கு இரண்டு கோப்பைக்குமேல் அவர் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நால்வர் காத்திருந்தால் இரண்டு தடவை.

தமிழகத்திலே இதனைக் கொத்துப் பரோட்டா என்பர். அங்கே சால்னா என்னும் குழம்பைத் தாராளமாக விட்டு, ஈரமாகவே உண்ணும் வழக்கமும் உண்டு. அவ்வகையை விரும்புவோரோடு நமக்குப் பிணக்கில்லை. அங்கும் முட்டையைப் பச்சையாக ரொட்டியில் ஊறவிட்டால், கிடைப்பது சாறுள்ள கொத்தன்று, பசைதான்.

வீட்டிலே செய்ய விரும்பும் குடும்பத்தினருக்கு ஓர் எச்சரிக்கை. நம் வீட்டுத் தாச்சியும் தோசைக்கல்லும் கடைக்கல்லைப்போலக் கனமானவையல்ல. குளிர்ந்த பொருள் விழுந்ததும் சூடு இறங்கிவிடும். ஆகவே ஒருவருக்கு ஒருவராகவே செய்யவேண்டும். நம் வீட்டில் செய்து திருந்திய அளவு இது: ஒருவருக்கு ஆறிய ரொட்டி 150 கிராம், முட்டை 2, பம்பாய் வெங்காயம் பாதி, நறுக்கிய லீக்ஸ் ஒரு கைப்பிடி, குழம்பு ஒன்றரை மேசைக்கரண்டி. கல் சிறியதாகையால் ஓரமாக ஒதுக்க இடம் இராது. வதக்கிய மரக்கறியையும் வாட்டிய ரொட்டியையும் தனித்தனியே கோப்பையில் எடுத்துவைத்துவிட்டு, வெறுங்கல்லில் முட்டையைச் செய்க. தக்காளி சேர்க்க விரும்புவோர் அதனைக் குழம்பிலேயே வற்றக் காய்ச்சிக்கொள்வது நன்று. கல்லிற் பச்சையாகப் போட்டால் முன்சொன்ன கணக்கு மறுபடி ஏறும். கடையில் உறைநிலையில் விற்கும் பராட்டாவை வாங்கினால், முதலில் முழுமையாகச் சுட்டு ஆறவிட்டபின்னரே பிய்க்கவேண்டும். எக்காரணம் கொண்டும் மூடி போடலாகாது. முதல் தடவை நம் வீட்டில் மூடி போட்டவர் யார் என்பதை இங்கே எழுதினால் இராப்போசனம் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் முட்டைக்கே இடமில்லை. ஆகையால் நமது பரிசோதனைகளெல்லாம் சனிக்கிழமை இரவுகளிலேயே நடந்தன.

மாணவனின் கதைக்கு வருவோம். ஒழுங்கை மாற்றிய முதல் இரவே கொத்து உதிரியாக வந்தது. ஆனால் வேறொரு முறைப்பாடு எழுந்தது. கடையிலிருந்து உண்பவர்கள் நன்றென்றார்கள். பார்சல் கொண்டுபோனவர்கள் மறுநாள் வந்து முன்போலக் களிதான் என்றார்கள். அவன் முகம் வாடிவிட்டது. நாம் ஒரு பார்சலை வாங்கிப் பத்து நிமிடம் கழித்துப் பிரித்துப் பார்த்தோம். பிளாஸ்ரிக் தாளின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள். கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு இறுகச் சுற்றியதால், எழுந்த ஆவி குளிர்ந்து மறுபடி ரொட்டியின்மேல் மழையாகப் பெய்திருந்தது. போதாததற்குக் குழம்பையும் உள்ளேயே ஊற்றியிருந்தான். கல்லில் வென்ற நீர் தாளில் தோற்கடித்துவிட்டது. கட்டுமுன் கொத்தை அகன்ற தட்டில் பரப்பி இரண்டு நிமிடம் ஆவி போகவிடும்படியும், குழம்பைத் தனியே கட்டும்படியும் சொன்னோம். அதனாலும் முழுமையாகத் தீரவில்லை. நெடுந்தூரம் கொண்டுபோகும் கொத்து கடையில் உண்ணும் கொத்துக்கு ஒப்பாகாது. அரை மணிக்குள் வீடு சேர்பவர்களுக்குப் போதுமானது.

சென்ற மாதத்தில் ஒருநாள் இரவு அவ்வழியாகச் சென்றபோது கடையில் நின்றோம். வாங்குகளில் இடமில்லை. காப்பு இன்னும் மீளவில்லை என்றும், வட்டி மட்டும் நிலுவையின்றிக் கட்டிவிட்டதாகவும் சொன்னான். பேசிக்கொண்டே முட்டையின் குறுக்கே கோடு இழுத்தான், கோடு மூடவில்லை, ரொட்டியை இழுத்தான். ஓரத்தில் அமர்ந்திருந்த பெரிய மீசைக்காரரைக் கண்ணால் காட்டினான். கஞ்சியென்று சொன்ன லொறிச் சாரதி அவர்தானாம். அவர் கொத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கோப்பையை வெறுமையாக்கிவிட்டு, கைகழுவி வந்து, "வீட்டுக்கும் ரண்டு கட்டு தம்பி" என்றார். அவன் இரண்டு தட்டுகளில் கொத்தைப் பரப்பி ஆவி போகும்வரை காத்துநின்றான்.